பேசினார்களா, பிரிந்தார்களா?

"தம்பி, இங்கே யார் யாரோடு பேசுகிறார்கள்?"

ஓர் ஒப்பந்த மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்பியபோது அக்கா ஓரத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான். அவர் எனக்கு ரத்த உறவில் அக்கா இல்லை, அரபு மொழிபெயர்ப்பில் என்னைவிடப் பதினைந்து வருஷம் மூத்தவர், அதனால் அக்கா. தவறு என்று நேரடியாகச் சொல்லமாட்டார். ஒரு கேள்வி கேட்பார், அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போனால் நாமே போய் முட்டிக்கொள்வோம். இந்தத் தடவை முட்டிய வலி இன்னும் போகவில்லை. தவறு செய்தது கூடப் பெரிதாகத் தெரியவில்லை, எத்தனையோ செய்திருக்கிறேன். ஆனால் இந்தத் தவறைச் செய்யும்போது நான் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன், உறுத்துவது அதுதான். அகராதியைத் திறக்காமலேயே வேரைப் பிடித்து, வடிவத்தைப் பிடித்து, இரண்டையும் கூட்டிப் பொருள் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு சின்ன மிதப்பு.

அரபியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்து வேரிலிருந்து வருகின்றன என்பது அந்த மொழியோடு பழகிய யாருக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். தமிழில் பகுதி முன்னால் நிற்கும், விகுதியும் இடைநிலையும் பின்னால் வரிசையாக ஒட்டும். அரபியில் வேர் பிளந்துகொண்டு நிற்கும், மற்றதெல்லாம் அதன் இடுக்குகளில் புகுந்துகொள்ளும். எந்த இடுக்கில் என்ன புகும் என்பதற்கு வாய்பாடு உண்டு. தேமா, புளிமா என்று நாம் சீருக்கு வாய்பாடு சொல்கிறோமே, அதுபோல அவர்கள் ஃப-அ-ல என்ற வேரை அச்சாக வைத்து ஃபாஇல், மஃப்ஊல், தஃபாஉல் என்று சொல்வார்கள். தேமா என்ற சொல்லே தேமாவின் ஓசையில் இருப்பதுபோல, மஃப்ஊல் என்ற சொல்லும் தன் அச்சில் தானே வார்க்கப்பட்டது. அந்த அச்சுக்கு வஸ்ன் என்று பெயர், எடை என்று அர்த்தம்.

வேர் பொருளின் வட்டாரத்தைச் சொல்லும், வஸ்ன் அந்த வட்டாரத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன வேலை என்று சொல்லும். செய்பவரா, செய்யப்பட்டதா, இடமா, கருவியா, ஒருவருக்கொருவர் செய்துகொள்வதா. இந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டால் பார்த்தேயிராத சொல்லையும் பிடித்துவிடலாம் என்பதுதான் வாக்குறுதி. வாக்குறுதி பொய்யில்லை. ஆனால் அதில் ஒரு சிறு எழுத்து நிபந்தனை இருக்கிறது, அதைப் படிக்கத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

முதலில், சரியாக வந்த கதை

மிதப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஒப்பந்தத்துக்குச் சில மாதம் முன்பு நிலவளம் பற்றிய ஓர் அறிக்கையில் முஸ்தன்கஃ என்று ஒரு சொல் வந்தது. கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் முஸ்தஷ்ஃபா தெரியும், மருத்துவமனை. அதன் வேர் ஷீன்-ஃபா-யா, குணமாதல். 'ஸ்த' என்ற சேர்க்கை பெரும்பாலும் ஒன்றைத் தேடுவதை, நாடுவதைக் காட்டும், முன்னால் 'மு' வந்து முடிவில் அகர ஓசை இருந்தால் அது நடக்கும் இடமாகவும் இருக்கலாம். ஆக, குணம் தேடிப் போகும் இடம். அதே அச்சில் முஸ்தன்கஃ. முன்னால் இருக்கும் முஸ்தவை உரித்தால் மிஞ்சுவது நூன், காஃப், அய்ன். நகஅ என்றால் ஊறவைத்தல், அது எனக்குத் தெரியும், மூலிகையை ஊறவைத்து எடுக்கும் நீருக்கு மன்கூஃ என்பார்கள். அப்படியானால் முஸ்தன்கஃ, நீர் ஊறிக்கிடக்கும் இடம். சதுப்பு நிலம்! வரியில் வைத்துப் பார்த்தேன், கொசு பற்றியும் வடிகால் பற்றியும் பேசிக்கொண்டிருந்த பத்தியில் அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது. அகராதியும் அதையே சொன்னது. இரண்டு நாளைக்கு யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது திரும்பிப் பார்த்தால் அந்தச் சொல் ஏன் அவ்வளவு எளிதாக மசிந்தது என்று தெரிகிறது. அதன் மூன்று எழுத்துகளும் திடமானவை, எந்த வடிவத்திலும் தேயாமல், மாறாமல் நிற்பவை. அந்த வேருக்குப் பொருள் வட்டாரம் ஏறத்தாழ ஒன்றே. தெரிந்த இன்னொரு சொல் அதே அச்சில் கையில் இருந்தது. எல்லாம் கூடிவந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு தினமும் அப்படித்தான் இருக்கும் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

அந்த ஒப்பந்தம்

கட்டுமான வேலைக்கான ஒப்பந்தம். அரபியில் இந்த வகைக்கு முகாவலா என்று பெயர், வேலையை எடுத்துச் செய்பவர் முகாவில். இரண்டும் காஃப்-வாவ்-லாம் என்ற வேரிலிருந்து வருபவை, கால என்றால் சொன்னான், கவ்ல் என்றால் சொல். ஒருவரோடு பேசி, சொல் கொடுத்து, வேலையை எடுத்துக்கொள்வதால் முகாவலா. தமிழிலேயே பழைய பத்திரங்களில் கவுல் என்று ஒரு சொல் உண்டு, குத்தகை உடன்படிக்கை என்ற பொருளில். அதுவும் இந்த கவ்ல்தான். பேச்சிலிருந்து உடன்படிக்கை பிறப்பது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. பக்கத்துக்குப் பக்கம் முகாவில், முகாவில் என்று வந்துகொண்டே இருந்ததில் அந்த வேர் மண்டைக்குள் ஒரு பாட்டுமாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது வந்தது தகாயுல். வாசகம் ஏறத்தாழ இப்படி: 'வேலை தொடங்கும் முன் இரு தரப்பும் தகாயுல் செய்துகொண்டால், முகாவில் பெற்ற முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்; எந்தத் தரப்பும் மற்றதிடம் நஷ்டஈடு கோர முடியாது.'

நான் என்ன செய்தேன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு படியும் நியாயமாகத்தான் இருந்தது. முதலில் வஸ்ன். தகாயுல், தஃபாஉல் அச்சு, சந்தேகமே இல்லை. தஆவுன் ஒத்துழைப்பு, தபாதுல் பரிமாற்றம், தஃபாஹும் பரஸ்பரப் புரிதல், எல்லாம் இந்த அச்சுதான். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் செய்துகொள்வது. வாசகத்திலும் இரு தரப்பு இருக்கிறது. சரி. அடுத்து, கூடுதல் எழுத்துகளை உரிப்பது. அரபு இலக்கணத்தில் ஒரு பழைய நினைவுக்குறிப்பு உண்டு, ஸஅல்துமூனீஹா, 'அதைப் பற்றி என்னிடம் கேட்டீர்கள்' என்று பொருள். அந்த ஒரு சொல்லில் இருக்கும் பத்து எழுத்துகள் மட்டும்தான் வேரோடு கூடுதலாக வந்து ஒட்டக்கூடியவை. அந்தப் பத்தில் இல்லாத எழுத்து ஒரு சொல்லில் இருந்தால், உருமாறி வந்த எழுத்தாக இல்லாதவரை, அது வேரைச் சேர்ந்தது. காஃப் அந்தப் பத்தில் இல்லை, ஆக அது வேர். முன்னால் இருக்கும் தாவும் நடுவிலுள்ள அலிஃபும் அச்சுக்கு உரியவை. மிச்சம் காஃப், யா, லாம்.

இந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. யா வந்திருக்கிறதே, முகாவலாவில் வாவ் அல்லவா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. உடனே மனசு ஒரு சமாதானம் சொன்னது, வாவ் யாவாக மாறுவது சகஜம்தானே என்று. கீல என்றால் 'சொல்லப்பட்டது', அதே காஃப்-வாவ்-லாம் வேர்தான், அங்கே வாவ் எங்கே இருக்கிறது? நமக்கெல்லாம் தெரிந்த கியாமத் என்ற சொல்லின் வேர் காஃப்-வாவ்-மீம், நிற்றல், எழுதல். தமிழில் புழங்கும் முகாமும் அதே வேரில் வந்ததுதான். கியாமத்தில் வாவ் யாவாகிவிட்டது, முகாமில் நெடில் ஆகாரமாகக் கரைந்துவிட்டது. வா என்ற பகுதி வந்தான் என்பதில் வ என்று குறுகி நிற்பதை நாம் விகாரம் என்று சொல்லிவிட்டுப் போவதில்லையா, அதுமாதிரி. நான் படித்த இலக்கணமே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது, நான் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

ஆக: சொல் + ஒருவருக்கொருவர் = பேசிக்கொள்ளுதல், கலந்துபேசுதல். வாசகத்தில் வைத்தேன். 'வேலை தொடங்கும் முன் இரு தரப்பும் கலந்துபேசினால், முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.' என்னவோ இடித்தது. பேசினால் எதற்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்? அதனால் இரண்டு சொல்லைச் சேர்த்தேன். 'கலந்துபேசி முடிவு செய்தால்.' இப்போது வாசகம் வழவழவென்று ஓடியது. என்ன முடிவு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

அக்காவின் கேள்வி வந்து விழுந்தது சரியாக அந்த வரிமேல்தான்.

அந்த வேர் இல்லை, பக்கத்து வேர்

நான் வைத்திருக்கும் அரபு அகராதி ஹான்ஸ் வேர் தொகுத்தது. ஜெர்மன்காரர், 1952இல் ஜெர்மனில் வந்தது, 1961இல் ஆங்கிலத்தில். அந்தப் பெயரைத் தமிழ்க்காரன் சிரிக்காமல் சொல்ல முடியாது, ஏனென்றால் சொற்களையெல்லாம் வேர்வாரியாக அடுக்கிய அகராதிக்கே வேர் என்று பெயர். அதில் தகாயுல் என்று தேடினால் கிடைக்காது, வேரின் கீழ்தான் பார்க்க வேண்டும். காஃப்-வாவ்-லாமைத் திறந்தேன். பத்திகள் நீள்கின்றன, கவ்ல், மகால், மகாலா, முகாவில், எல்லாம் இருக்கிறது, தகாயுல் இல்லை. அப்படியே சில பக்கம் தள்ளினால் காஃப்-யா-லாம். நான் இல்லவே இல்லை என்று நினைத்த ஒரு வேர், தனி வீடு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு இருக்கிறது.

அந்த வீட்டில் யார் யார் என்று பார்த்தால், கய்லூலா, மதியத் தூக்கம். இகாலா, ஒரு விற்பனையை ரத்து செய்வது, ஒருவரைப் பதவியிலிருந்து விடுவிப்பது. இஸ்திகாலா, ராஜினாமா. ஃபிக்ஹ் என்ற இஸ்லாமியச் சட்டத்தில் இகாலா பழைய கலைச்சொல், வாங்கியவருக்கு மனசு மாறிவிட்டது, விற்றவரும் சரி என்று ஒத்துக்கொண்டார், இருவரும் பேரத்தைக் கலைத்துவிட்டு அவரவர் பொருளையும் பணத்தையும் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். அதையே தஃபாஉல் அச்சில் ஊற்றினால் தகாயுல், இரு தரப்பும் இசைந்து ஒப்பந்தத்தைக் கலைத்துக்கொள்ளுதல். இன்றைய அரபுச் சட்ட நூல்களிலும் இதே பெயர்தான். அதனால்தான் முன்பணம் திரும்புகிறது, அதனால்தான் நஷ்டஈடு இல்லை. வாசகத்தின் ஒவ்வொரு உறுப்பும் அந்த ஒரு சொல்லை நோக்கிக் கைகாட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பேசினார்கள் என்று நான் எழுதிய இடத்தில் அவர்கள் பிரிந்துகொண்டிருந்தார்கள்.

யா ஏன் பொய் சொல்லவில்லை

அக்காவிடம் போன் செய்து என் சமாதானத்தைச் சொன்னேன். வாவ் யாவாக மாறும்தானே அக்கா, கியாமத்தில் மாறவில்லையா என்று. அவர் கொஞ்சம் சிரித்துவிட்டு, "மாறும். சும்மா மாறாது. அதுக்கு முன்னாடி என்ன உயிர் இருக்குன்னு பாருங்க" என்றார்.

பார்த்தேன். கியாமத்தில் வாவுக்கு முன்னால் இகரம். கீலவிலும் இகர ஓசைதான் வேலை செய்திருக்கிறது. மீஸான், தராசு, அதன் வேர் வாவ்-ஸாய்-நூன், அங்கேயும் இகரத்துக்குப் பின்னால் வந்த வாவ்தான் ஈகாரமாக நீண்டுவிட்டது. இகரம் வாவைத் தன் பக்கம் இழுத்து யாவாக்குகிறது. தகாயுலில் யாவுக்கு முன்னால் இருப்பது நெடில் ஆகாரம். அங்கே வாவை யாவாக்க யாரும் இல்லை. அது கவ்ல் குடும்பத்துச் சொல்லாக இருந்திருந்தால் தகாவுல் என்றுதான் வந்திருக்க வேண்டும், முகாவலாவில் வாவ் பத்திரமாக இருப்பதுபோல.

நடு எழுத்து வாவாகவோ யாவாகவோ இருக்கும் வேர்களுக்கு அஜ்வஃப் என்று பெயர், உள்ளே பொள்ளலானது. அந்தப் பொள்ளல் எல்லா வடிவத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதுதான் இங்கே விஷயம். சில வடிவங்களில் நடு எழுத்து அப்படியே கரைந்து ஆகாரமாகிவிடும். கால என்ற இறந்தகால வடிவத்தைப் பார்த்தால் அவன் 'சொன்னானா', 'மதியம் கண்ணயர்ந்தானா' என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது, இரண்டு வேருக்கும் அதே உருவம். நிகழ்காலத்துக்குக் கொண்டுபோனால்தான் பிரியும், யகூலு என்றால் சொல்கிறான், யகீலு என்றால் தூங்குகிறான். அகால, இஸ்தகால போன்ற வடிவங்களும் அப்படித்தான், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. ஆனால் நடு எழுத்து இரட்டிக்கும் வடிவங்களிலும், அதற்கு முன் நெடில் ஆகாரம் புகும் முகாவலா, தகாயுல் போன்ற வடிவங்களிலும் அது கரையாது. முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். செய்பவரைக் குறிக்கும் காஇல் மட்டும் விலக்கு, அங்கே வாவும் சரி யாவும் சரி ஹம்ஸா என்ற வேறொரு எழுத்தாகிவிடும்.

அதாவது, இந்த வேர் ஒளிந்துகொள்ளக்கூடிய எத்தனையோ வடிவங்கள் இருக்க, எனக்கு வந்ததோ அது ஒளிந்துகொள்ளாத வடிவம். நான் யா, நான் யா என்று அது கத்திக்கொண்டிருந்தது. இல்லை, நீ வாவ்தான், வேஷம் போட்டிருக்கிறாய் என்று நான் சொல்லிவிட்டேன்.

அந்தக் காஇல் பற்றி அக்கா சொன்னதையும் இங்கே எழுதிவைக்கிறேன். குர்ஆனில் அல்-அஃராஃப் என்ற 7ஆம் அத்தியாயத்தின் 4ஆம் வசனம், அழிக்கப்பட்ட ஊர்களைப் பற்றிச் சொல்லும்போது, தண்டனை அவர்களிடம் இரவில் வந்தது, அல்லது அவர்கள் காஇலூன் ஆக இருந்தபோது வந்தது என்கிறது. வேரை வைத்து ஊகிப்பவர் இதை 'பேசிக்கொண்டிருந்தபோது' என்று எழுதிவிடலாம், எழுத்து அதைத் தடுக்காது. ஆனால் அது மதியத் தூக்கத்தில் இருந்தபோது என்று பொருள். இரவு என்ற சொல் பக்கத்திலேயே இருக்கிறது, இரவில் தூக்கம், பகலில் தூக்கம், இரண்டு அசட்டையான நேரங்கள். இங்கே உருவம் கைவிட்டுவிட்டது, பக்கத்துச் சொல்தான் காப்பாற்றுகிறது. என் ஒப்பந்தத்தில் உருவம், பக்கத்துச் சொல் இரண்டுமே கை நீட்டின. நான்தான் பிடிக்கவில்லை.

வேர் சரியாகக் கிடைத்திருந்தாலும்

இதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை, இலக்கணத்தை ஒழுங்காகப் படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் ஒரு விஷயம் அதற்குப் பிறகுதான் உறைத்தது. சரி, நான் காஃப்-யா-லாம் என்று சரியாகவே பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த வேரில் எனக்குத் தெரிந்திருந்த ஒரே சொல் கய்லூலா. மதியத் தூக்கம் + ஒருவருக்கொருவர். இரு தரப்பும் சேர்ந்து மதியம் ஒரு குட்டித் தூக்கம் போட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்!

சிரித்தேன், ஆனால் சிரிப்போடு போகவில்லை. ஏனென்றால் அந்த அபத்தமான ஊகம் என்னைக் காப்பாற்றியிருக்கும். யாரும் ஒப்பந்தத்தில் தூங்கச் சொல்ல மாட்டார்கள், உடனே அகராதியை எடுத்திருப்பேன். சரியான வேர் தந்த தப்பான பொருள் எந்தக் கெடுதலும் செய்திருக்காது. தப்பான வேர் தந்த, கேட்க நன்றாக இருந்த பொருள்தான் வாசகத்துக்குள் நைசாகப் புகுந்துகொண்டது.

மதியத் தூக்கத்துக்கும் ஒப்பந்த ரத்துக்கும் என்ன உறவு என்று என்னிடம் கேட்காதீர்கள். இப்படி உறவே தெரியாமல் ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர்கள் அரபு அகராதியில் நிறையப் பேர். தமிழர்கள் எல்லாருக்கும் தெரிந்த காஃப்-தா-பா வேரையே எடுங்களேன், கிதாப் புத்தகம், காதிப் எழுதுபவர், மக்தப் எழுதும் இடம், அலுவலகம் என்று அழகாக வந்துகொண்டிருக்கும், திடீரென்று கதீபா. படைப்பிரிவு! எழுத்தை வைத்து எவ்வளவு நேரம் யோசித்தாலும் அங்கே போய்ச் சேர முடியாது. அந்த வேருக்குச் சேர்த்துத் தைத்தல், ஒன்றுகூட்டுதல் என்றொரு பொருளும் உண்டு என்று தெரிந்தால்தான் கதீபா கூட்டமாகச் சேர்ந்த படை என்று புரியும். புரிவது பின்னால்தான். அகராதி பொருளைச் சொன்ன பிறகு 'ஆமாம், அதுதானே' என்று வேர் தலையாட்டும். முன்னால் அது வாய் திறக்காது.

இன்னொரு வம்பு நம் காதில் இருக்கிறது. வசூல், மகசூல், தாசில், மூன்றும் தமிழுக்கு வந்துவிட்ட அரபுச் சொற்கள். காதுக்கு வசூலும் மகசூலும் அண்ணன் தம்பி மாதிரி, தாசில் எங்கோ தூரத்து உறவு. உண்மை நேர்மாறு. மகசூலும் தாசிலும்தான் ஹா-ஸாத்-லாம் என்ற ஒரே வேர், கிடைத்தல், ஈட்டுதல். வசூல் வாவ்-ஸாத்-லாம், வந்து சேர்தல். தமிழுக்குள் வரும்போது ஹாவும் ஸாதும் உருமாறிப்போனதால் இது தெரிவதில்லை. தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு வேரைத் தேடுகிறவர்களுக்கு இது தினசரித் தொல்லை, அரபியின் இரண்டு காஃபும் நமக்கு ஒரே க், மூன்று ஸகரமும் நமக்கு ஒரே ஸ். இந்தக் கட்டுரையிலேயே பாருங்கள், கிதாபின் காஃப் வேறு, கவ்லின் காஃப் வேறு, நான் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கிறேன். குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதிய சொல்லிலிருந்து வேர் தேடுவதை நான் விட்டுவிட்டேன்.

இப்போது

வேர் வைத்து ஊகிப்பதை விட்டுவிடவில்லை. அது இல்லாமல் அரபு அகராதியைத் திறக்கவே முடியாதே. ஆனால் ஊகத்தின் வேலையைக் குறைத்துவிட்டேன். அது என்னைச் சரியான பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் போதும், பொருளைச் சொல்ல வேண்டாம். நடுவிலோ ஓரத்திலோ வாவ், யா, ஹம்ஸா இருக்கக்கூடும் என்று தோன்றும் சொல்லுக்கு இரண்டு பக்கம் பார்க்கிறேன், சிலசமயம் மூன்று. இஸ்த என்று தொடங்கினால் உடனே உரிக்கத் தொடங்குவதையும் நிறுத்திவிட்டேன், ஒருமுறை இஸ்திராதீஜிய்யாவை உரித்து ரா-தா-ஜீம் என்ற வேர்வரை போய்விட்டேன், அப்படி ஒரு வேர் உண்மையிலேயே இருக்கிறது, மூடுதல் என்று பொருள். கதவை மூடிக்கொண்டு திட்டம் போடுவார்கள் போலிருக்கிறது என்று நினைக்கும்போதுதான் வாய்விட்டுப் படித்தேன். ஸ்ட்ராட்டஜி.

அப்புறம் ஒன்று. ஊகித்த பொருளை வரியில் வைத்த பிறகு, அது உட்காருவதற்காக நான் ஏதாவது சொல் சேர்க்க வேண்டியிருந்தால் அங்கே சிவப்பில் குறித்துவிடுகிறேன். 'கலந்துபேசி' என்பதோடு 'முடிவு செய்தால்' என்று சேர்த்தேனே, அந்த இரண்டு சொல் மூலத்தில் எங்கேயும் இல்லை. சந்தேகத்தை அடக்க நான் கொடுத்த லஞ்சம் அது. சதுப்பு நிலத்துக்கு நான் எதையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை, அப்படியே உட்கார்ந்தது. இந்த வித்தியாசம் அன்றைக்கே என் கையில் தெரிந்திருக்க வேண்டும்.

ஒப்பந்த வாசகத்தைக் கடைசியில் திருத்துவதற்கும் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. ரத்து என்று போடலாம் என்றால் இன்னொரு பிரிவில் ஃபஸ்ஃக் என்ற சொல் வந்து அதை ஏற்கெனவே பிடித்துவைத்திருந்தது, ஒரு தரப்பு கடமை தவறினால் மற்றது ஒப்பந்தத்தை முறிப்பது அது. அங்கே நஷ்டஈடு உண்டு. இங்கே இல்லை. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல் போட்டால் நாளைக்கு யாராவது இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். 'இரு தரப்பும் இசைந்து ஒப்பந்தத்தைக் கலைத்துக்கொண்டால்' என்று எழுதி அனுப்பினேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அது அவர் அகராதியில் பாராட்டு.

போன வாரம் ஒரு ராஜினாமாக் கடிதம் மொழிபெயர்க்க வந்தது. இஸ்திகாலா. இந்தச் சொல்லை நான் எத்தனை வருஷமாக எழுதுகிறேன், ஒருநாளும் தவறாக எழுதியதில்லை. ஆனால் அது கவ்லிலிருந்து வருகிறது, தன் முடிவைச் சொல்லிவிட்டுப் போவது என்றுதான் இத்தனை நாளும் மனசுக்குள் வைத்திருந்திருக்கிறேன். கடமையிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்பது, இகாலாவைத் தேடுவது, அதுதான் இஸ்திகாலா, தகாயுலின் சொந்த அக்கா. தெரிந்த சொற்களுக்குள் இப்படி இன்னும் எத்தனை தப்பு வேர் இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே, அதே வரிசையில் நினைவுக்கு வந்த இஸ்திக்லாலை எடுத்துப் பார்த்தேன், சுதந்திரம். காஃப்-லாம்-லாம். வேரின் முதல் பொருள், குறைவாக இருத்தல். அதே வினையை ரயிலிலோ காரிலோ ஏறிக்கொண்டான் என்பதற்கும் பயன்படுத்துகிறார்கள். குறைவு, சுதந்திரம், ரயில் ஏறுவது. ஒரு கோட்டில் இழுத்து முடிச்சுப் போட மனசு தயாராகிக்கொண்டிருந்தது, நல்ல கதைகூட ஒன்று வந்துவிட்டது. எழுதிவைக்காமல் கடிதத்துக்குத் திரும்பினேன், அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டியிருந்தது.